கிளிசராலின் பாகுநிலையும் பரப்பு இழுவிசையும்

மூலக்கூறுகளுக்கிடையேயான விசை வலுவாக இருந்தால் பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் சேர்ந்தே உயரும் என்று நம் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்கின்றன. மூன்று நீர்மங்களை ஒப்பிட்டாலே இது போதாத விளக்கம் என்பது தெரிந்துவிடும். 20 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 மில்லிபாஸ்கல் விநாடி. கிளிசராலுக்கோ 1400-க்கும் மேல். ஆனால் கிளிசராலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 63 மில்லிநியூட்டன் அளவில், நீரின் 73-ஐவிடக் குறைவாகவே இருக்கிறது. பாதரசத்தில் நிலைமை தலைகீழ்: பரப்பு இழுவிசை நீரைப்போல் ஆறு மடங்குக்கும் மேல், பாகுநிலையோ ஒன்றரை மடங்குதான்.

பரப்பு இழுவிசை, புதிதாக ஒரு பரப்பை உண்டாக்க ஆகும் ஆற்றலைக் காட்டுகிறது. பாகுநிலை, மூலக்கூறு தன் அண்டைகளை விட்டு இடம் மாறுவதில் உள்ள தடையைக் காட்டுகிறது. பாதரசத்தின் உலோகப் பிணைப்பு வலுவானது, ஆனால் திசை சாராதது; அதனால் அணுக்கள் பிடியை விடாமலே நழுவுகின்றன. கிளிசரால் மூலக்கூறில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அது நகர வேண்டுமானால் பல ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏறக்குறைய ஒருசேர அறுபட வேண்டும். எனவே பாகுநிலையைத் தீர்மானிப்பதில் விசையின் வலிமைக்கு நிகராக அதன் திசையும் எண்ணிக்கையும் முக்கியம் என்பதே என் வாதம்.

வெப்பநிலை இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாக்குகிறது. 20-இலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் நீரின் பரப்பு இழுவிசை ஒன்பது விழுக்காடு குறைகிறது; அதன் பாகுநிலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கிளிசராலின் பாகுநிலை 1412-இலிருந்து 81-க்கு, அதாவது 17 மடங்கு சரிகிறது. பரப்பு இழுவிசை ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கி, மாறுநிலை வெப்பநிலையில்தான் (நீருக்கு 374 டிகிரி) சுழியாகிறது. பாகுநிலையின் சரிவோ அடுக்குக்குறி வகையைச் சேர்ந்தது. ஆகவே கிளர்வுறு ஆற்றலை இவ்வாறு கணிக்கலாம்:

E = R ln(η₁/η₂) / (1/T₁ − 1/T₂)

வெப்பநிலைகளைக் கெல்வினில் இட்டால் கிளிசராலுக்கு மோலுக்கு 58 கிலோஜூலும், நீருக்குச் சுமார் 15.5 கிலோஜூலும் கிடைக்கின்றன. இவற்றை மாறிலிகளாகக் கொள்ளக் கூடாது. 0 முதல் 20 டிகிரி வரையிலான தரவுகளைக் கொண்டு கணித்தால் அதே மதிப்புகள் 71, 19 என உயர்கின்றன. குளிரக் குளிர ஹைட்ரஜன் பிணைப்பு வலை இறுகுவதால், கடக்க வேண்டிய தடையே உயர்கிறது. இரண்டு வெப்பநிலைகளில் மட்டும் அளந்து நேர்கோடு வரைபவர்களுக்கு இந்த வளைவு தென்படவே செய்யாது.

ஆய்வகப் பிழைகளும் இந்த வேறுபாட்டையே பின்பற்றுகின்றன. கிளிசரால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு விழுக்காடு நீர் சேர்ந்தாலே 20 டிகிரியில் அதன் பாகுநிலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பரப்பு இழுவிசையில் மாற்றம் அற்பமே. அந்த அளவையில் ஏமாற்றுவது கண்ணாடிக் கலத்தில் தங்கிய சோப்பின் சுவடு. அது நீரின் பரப்பு இழுவிசையை வெகுவாகத் தாழ்த்தும், பாகுநிலையை ஏறக்குறைய தொடாது. அறை வெப்பநிலையில் ஒரு டிகிரி பிசகினால் கிளிசராலின் பாகுநிலை எட்டு முதல் ஒன்பது விழுக்காடு மாறுகிறது. ஒரு விழுக்காட்டுத் துல்லியம் வேண்டுமென்றால் வெப்பத்தொட்டியை 0.1 டிகிரிக்குள் நிறுத்தியாக வேண்டும்.