கிணறு மட்டும் போதுமா? ஒரு வக்ஃபு நிலைத்து நிற்க வேண்டியவை

மறைந்த பெற்றோரின் நன்மைக்காக ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆனால் சில ஆண்டுகளில் மோட்டார் பழுதாகி, சரிசெய்யப் பணமும் பொறுப்பான ஆளும் இல்லாமல் அது நின்றுபோவதும் உண்டு. இதற்கான தீர்வு உமர் (ரலி) அவர்களின் வக்ஃபிலேயே இருக்கிறது.

கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபியவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபு என்ற சொல்லின் பொருளும் நிறுத்தி வைத்தல்தான். அந்த நிலத்தை விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ வாரிசுகள் பங்கிடவோ முடியாது. ஏழைகள், உறவினர்கள், வழிப்போக்கர்கள், விருந்தினர்கள் என்று பயன்பெறுவோரை உமர் (ரலி) வரையறுத்தார்கள். நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது என்றார்கள். தமக்குப் பின் மகள் ஹஃப்ஸா (ரலி) நிர்வகிப்பார் என்றும் எழுதி வைத்தார்கள்.

இதை நம் கிணற்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். கிணறு செலவு வைக்கும், வருமானம் தராது. எனவே அதனுடன் ஒரு சிறு கடையையும் வக்ஃபு செய்வதாக வைத்துக்கொள்வோம். மாத வாடகை 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60,000. மின்கட்டணத்துக்கும் பராமரிப்பவர் ஊதியத்துக்கும் 36,000, பழுது நிதிக்கு 9,000 போக, மீதி 15,000 ஏழை மாணவர்களின் கல்விக் கட்டணத்துக்கு உதவும். நீர் வற்றிவிட்டால் வாடகை அதே ஊரின் வேறு குடிநீர் ஏற்பாட்டுக்கு, அதுவும் இல்லையேல் ஏழைகளுக்கு என்று பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். 'நற்காரியங்களுக்கு' என்று மட்டும் எழுதினால் பின்னாளில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

அந்தக் கடை யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தந்தை மறைந்ததுமே அவருடைய சொத்தில் வாரிசுகளுக்கு உரிமை வந்துவிடுகிறது. மூத்த மகன் தன் பங்கைத்தான் வக்ஃபு செய்யலாம்; சகோதரிகளின் பங்கையும், பருவமடையாத பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எழுத முடியாது. தந்தையே மரண சாசனமாக எழுதியிருந்தால், கடனை அடைத்த பிறகு மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை செல்லும். அதற்கு மேல் போக வாரிசுகளின் சம்மதம் தேவை.

இந்தியாவில் 2025 சட்டத் திருத்தத்துக்குப் பின், எழுத்துப் பத்திரம் இல்லாமல் புதிய வக்ஃபு ஏற்படுத்த முடியாது. வக்ஃபு வாரியத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும்; முதவல்லி ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பக்கத்துக் கடைகளின் வாடகை ஏறியும் வக்ஃபுக் கடையின் வாடகை பல ஆண்டுகளாக ஏறவில்லை என்றால் அங்கே நிர்வாகம் தளர்கிறது என்று அறியலாம். அதனால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வாடகையை உயர்த்துவது, முதவல்லிக்குப் பின் யார் பொறுப்பேற்பது என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.