பேமெண்ட் கேட்வே 'விவரம் பொருந்தவில்லை' என்கிறதா? பதிலை இப்படி எழுதுங்க

"எல்லா விவரமும் சரிதான், அப்ரூவ் பண்ணுங்க" என்று மட்டும் பதில் அனுப்பினால் பெரும்பாலும் பயன் இருக்காது. எந்தப் பெயர் எதற்குரியது என்ற விளக்கமும் ஆதாரமும்தான் சரிபார்ப்பவருக்குத் தேவை.

தனி உரிமையாளர் தொழிலில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அதற்குத் தனி பான் கிடையாது, உரிமையாளரின் பான்தான். விண்ணப்பத்தில் கடைப் பெயரைக் கொடுத்தால், இரண்டும் ஒத்துப்போகாது.

பதிலில் இப்படி எழுதலாம்: "இது தனி உரிமையாளர் நிறுவனம். விண்ணப்பத்தில் உள்ளது கடைப் பெயர். பான் உரிமையாளர் பெயரில் உள்ளது. இணைத்துள்ள ஜிஎஸ்டி சான்றிதழில் Legal Name என்ற இடத்தில் உரிமையாளர் பெயரும், Trade Name என்ற இடத்தில் கடைப் பெயரும் உள்ளன. எங்கள் இணையதளத்தின் தொடர்புப் பக்கத்திலும் இரண்டையும் சேர்த்துள்ளோம். மறுபரிசீலனை செய்யவும்."

அனுப்பும் முன் இரண்டைப் பாருங்க. நிறுவன வகையை பிரைவேட் லிமிடெட் என்று தவறாகத் தேர்ந்திருந்தால், விளக்கம் போதாது; விண்ணப்பத்தையே திருத்த வேண்டும். ஜிஎஸ்டியில் பழைய கடைப் பெயர் இருந்தால், முதலில் ஜிஎஸ்டி தளத்தில் அதை மாற்றி, புதிய சான்றிதழை இணையுங்க.