கடையில் உட்கார்ந்தால் தூக்கம், காலையில் தலைவலி: உடல் பருமன் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவது ஏன்?

புதுச்சேரியை ஒட்டி ஈசிஆரில் இருக்கும் பெரிய முதலியார்சாவடியில் ரோட்டோரம் கடை வைத்திருக்கும் 48 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆளும் எண்களும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட உதாரணம்தான், ஆனால் நோய் நிஜம். உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. கல்லாவில் காசு எண்ணும்போதே கண் சொருகுகிறது. மரக்காணம் வரை பைக்கில் போய் வரும்போது ஒருமுறை வண்டி மணலில் இறங்கிவிட்டது. "நைட்டு முழுக்க குறட்டை, பகல்ல தூக்கம். சோம்பேறித்தனம்னு சொல்லி சொல்லியே இவ்ளோ நாள் விட்டுட்டோம்" என்கிறார் மனைவி.

இது சோம்பேறித்தனம் இல்லை. இவர் உடலில் இருந்து கார்பன் டை ஆக்சைடு முழுசாக வெளியேறவில்லை. டாக்டர்கள் இதை ஒபிசிட்டி ஹைப்போவென்டிலேஷன் சிண்ட்ரோம் என்கிறார்கள். உடல் பருமனால் மூச்சின் அளவு குறைந்துபோவது என்று புரிந்துகொள்ளலாம்.

சீட்டாட்ட மேஜையில் தூங்கியவர்

இந்த நோய்க்கு பழைய பெயர் 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'. சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான், எங்கே நின்றாலும் தூங்கிவிடுவான். 1956-ல் அமெரிக்க டாக்டர் சிட்னி பர்வெல்லும் அவரது குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த நோயாளி தொழிலதிபர். போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு கிங் கையில் வந்தும், பந்தயம் கட்டாமல் தூங்கிப்போய்விட்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனார்!

உள்ளே என்ன நடக்கிறது?

மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிய வேண்டும், உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் அதிகக் கொழுப்பு இருந்தால் ஒவ்வொரு மூச்சும் பாரம் தூக்குகிற வேலை ஆகிவிடும். மல்லாந்து படுத்தால் வயிறு மேலே தள்ளுவதால் வேலை இன்னும் கஷ்டம். இதோடு தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்துகொள்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அதுவும் இருக்கும்.

இங்கேதான் சிக்கலே ஆரம்பம். இரவில் வெளியேறாத கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தை அமிலமாக்கும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேமித்து வைக்கும். நாள்பட இந்தச் சேமிப்பு கூடக்கூட, 'கார்பன் டை ஆக்சைடு ஏறுது, மூச்சை வேகமா விடு' என்று மூளைக்குப் போக வேண்டிய எச்சரிக்கை மங்கிவிடுகிறது. அதனால்தான் இரவில் தொடங்கிய பிரச்சனை பகலிலும் தொடர்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், காலைத் தலைவலிக்கு அது ஒரு காரணம்.

எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

பிஎம்ஐ 30-க்கு மேல் இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 45-ஐத் தாண்டியிருக்க வேண்டும். நுரையீரல் நோய், தசை நோய் போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. நம்ம கடைக்காரரின் பிஎம்ஐ கிட்டத்தட்ட 45.

முதல் துப்பு சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கலாம். பைகார்பனேட் 27-க்குக் கீழே இருந்தால், சந்தேகம் பெரிதாக இல்லாதவருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பு குறைவு. 27-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துச் செய்யும் ஏபிஜி டெஸ்ட் தேவை. நம்மவருக்கு பைகார்பனேட் 32, கார்பன் டை ஆக்சைடு 58. அடுத்தது ஸ்லீப் ஸ்டடி, அதாவது உடலில் சென்சார் மாட்டி ஒரு இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்வது.

பலருக்கு இது தெரிவதற்கு முன்பே 'ஆஸ்துமா' என்று இன்ஹேலரோ, 'ஹார்ட் வீக்' என்று நீர் மாத்திரையோ வருடக்கணக்கில் ஓடியிருக்கும். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் இந்த நோயிலும் வரும் என்பதால் குழப்பம் சகஜம்.

ஆக்சிஜன் மட்டும் வைத்தால் போதாதா?

போதாது. சில நேரம் ஆபத்தும்கூட. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 88 காட்டுகிறது என்று வீட்டிலேயே சிலிண்டர் வைத்து ஆக்சிஜனை அதிகமாகத் திறந்துவிட்டால் எண் 98 ஆகிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம், அந்தக் கருவி அதைக் காட்டாது. தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை இன்னும் மந்தமாக்கும். எழுப்பினால் எழாத மயக்கம், உளறல், கை நடுக்கம் தெரிந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

ராத்திரி மாட்டும் மெஷின் என்ன செய்கிறது?

இரண்டு வகை உண்டு. சிபாப் ஒரே அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். பைபாப் மூச்சை விடும்போது குறைந்த அழுத்தமும் இழுக்கும்போது கூடுதல் அழுத்தமும் கொடுக்கும். உதாரணமாக 8-ம் 18-ம். அந்த 10 வித்தியாசம்தான் நெஞ்சை விரிய வைத்து கார்பன் டை ஆக்சைடை வெளியே அனுப்புகிறது.

நோய் நிலையாக இருந்து, கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் இருப்பவருக்கு பெரும்பாலும் சிபாப்பில்தான் தொடங்குவார்கள், விலையும் குறைவு. மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆனவரை பைபாப் போன்ற கருவியோடு வீட்டுக்கு அனுப்பி, மூன்று மாதத்துக்குள் ஸ்லீப் ஸ்டடி செய்வது 2019 அமெரிக்க வழிகாட்டுதல்.

இரவில் மூச்சு சரியாக ஓடினால் சிறுநீரகம் சேர்த்த பைகார்பனேட் மெதுவாகக் குறையும், மூளையின் எச்சரிக்கை மணியும் மறுபடி வேலை செய்யும். ராத்திரி மட்டும் மாட்டும் மெஷின் பகல் தூக்கத்தையும் குறைப்பது இப்படித்தான். நம்மவர் ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூன்று மாதத்தில் 58 என்பது 46-க்கு வரலாம். ஆனால் இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்ட வேண்டும், அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. மெஷினின் மெமரியில் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது எல்லாம் பதிவாகும் என்பதால் டாக்டரிடம் 'டெய்லி போடுறேன் சார்' என்று சமாளிக்க முடியாது.

பாதியில் விடுபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்க்தான். சைஸ் சரியில்லை என்றால் காற்று கண்ணில் அடிக்கும், மூக்குத் தண்டு புண்ணாகும். வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கு மாஸ்க் போதாது, வாயும் மூக்கும் மூடுவது வேண்டும். காற்றை ஈரமாக்கும் தொட்டியில் கடலோர போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

மெஷின் மூச்சைப் பார்த்துக்கொள்ளுமே தவிர எடையைக் குறைக்காது. நோய் விலக உடல் எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைய வேண்டியிருக்கும். 112 கிலோ என்றால் 28 கிலோவுக்கு மேல். பலருக்கு டயட்டில் மட்டும் இது முடியாது என்பதால் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை பற்றியும் டாக்டர்கள் பேசுவார்கள்.

கரண்ட் போனால்?

இந்தக் கரையில் இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை ஓட்டலாம். ஈரமாக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி அதிக நேரம் தாங்கும். மெஷின் நின்றுவிட்டால் மாஸ்க்கை உடனே கழற்றிவிட வேண்டும். அந்த இரவை மல்லாந்து படுக்காமல், தலைப்பக்கம் உயர்த்தியோ ஒருக்களித்தோ கழிக்கலாம். கரண்ட் இரண்டு நாளைத் தாண்டியும் வராது போலிருந்து, பகல் தூக்கமும் திரும்பினால், மெஷினையும் மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு கரண்ட் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடுவது நல்லது. வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.