கவட்டுக் கண்ணியின் ஃபோர்ஜிங் டை

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பி டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் என்று பல சிமென்ட் ஆலைகள் இயங்குகின்றன. சிமென்ட் ஆலைகளில் தூளையும் கிளிங்கரையும் மூடிய தொட்டிக்குள் இழுத்துச் செல்லும் சங்கிலியில் கவட்டுக் கண்ணிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு முனையில் ஒற்றைக் காது, மறுமுனையில் இரு கால்கள் கொண்ட கவடு. இதுவே கண்ணியின் வடிவம். ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சிய எஃகுத் துண்டை இரு பாதி டைகளுக்கிடையே அடித்து இதைச் செய்கிறார்கள்.

டை வடிவமைப்பாளர் முதலில் முடிவு செய்வது பார்ட்டிங் லைனை, அதாவது இரு பாதிகளும் சந்திக்கும் கோட்டை. கண்ணியின் தடிமன் 40 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கோட்டை நடுவில் வைத்தால் ஒவ்வொரு பாதியும் 20 மில்லிமீட்டர் ஆழம்தான். மேல்முகத்தில் வைத்தால் முழு ஆழமும் ஒரே டைக்குள் விழும். பொருள் டையிலிருந்து கழன்று வர, சுவர்களுக்குக் கொடுக்கும் சரிவுதான் டிராஃப்ட். 7 பாகைச் சரிவுக்கு 20 மில்லிமீட்டர் ஆழத்தில் பக்கத்துக்கு 2.5 மில்லிமீட்டர் உலோகம் கூடும். 40 மில்லிமீட்டரில் அது 5 ஆகிவிடும். கோடு நடுவில் இருப்பதே இங்கு நல்லது.

எல்லாச் சுவருக்கும் ஒரே சரிவு போதாது. எஃகு ஆறும்போது சுருங்குவதால் வெளிச்சுவரை விட்டு விலகுகிறது. ஆனால் கவட்டின் இரு கால்களுக்கு நடுவே நிற்கும் டையின் நாக்கை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே வெளியே 5 முதல் 7 பாகை என்றால் உள்ளே 7 முதல் 10 வரை வேண்டும். கண்ணி அடிக்கடி டையில் சிக்கினால் முதலில் இந்த நாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ட்டிங் லைன் வழியே பிதுங்கும் மெல்லிய உலோகம் பிளாஷ். பார்க்க வீணாகத் தெரிந்தாலும் வேலையை முடித்துத் தருவது இதுதான். மெல்லியதாக இருப்பதால் விரைவில் ஆறி, மேற்கொண்டு உலோகம் வெளியேறுவதைத் தடுக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி மூலைகள் நிரம்புகின்றன. இந்த அளவுள்ள கண்ணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனும் அதைப்போல நான்கு மடங்கு அகலமும் நியாயமான தொடக்கம். தடிமன் கூடினால் காது முனை நிரம்பாமல் மழுங்கும். குறைந்தால் அடியின் சுமை ஏறி டை தேய்ந்து வெடிக்கும்.

எஃகிலுள்ள மாங்கனீசு சல்பைடு போன்ற சிறு கலப்புகள் உருட்டும்போதே இழைபோல நீள்கின்றன. ஃபோர்ஜிங்கில் அந்த இழைகள் கண்ணியின் உருவத்தோடு வளைந்து, இழுவிசையின் திசையிலேயே கவட்டுக் கால்களுக்குள் செல்கின்றன. விசைக்குக் குறுக்கே கிடக்கும் கலப்பிலிருந்து விரிசல் எளிதில் கிளம்பும். இணையாகக் கிடந்தால் அவ்வளவு எளிதில்லை. கூடுவது முக்கியமாகக் களைப்பு வலிமையும் அதிர்ச்சி தாங்கும் திறனுமே. நீளவாக்கிலான இழுவலிமை பெரிதாக மாறாது.

இதற்கும் வரம்பு உண்டு. பின்னுக்காகத் துளையிடும்போது நடு இழைகள் அறுபடுவதால் காதைத் தடிப்பாக வைக்கிறார்கள். பிளாஷை வெட்டிய இடத்திலும் இழைமுனைகள் வெளியே தெரியும். கவட்டின் உள்மூலையில் ஆரம் போதாவிட்டால் உலோகம் மடிந்து ஒட்டாமல் நிற்கும். பின்னாளில் விரிசலாகத் திறப்பது அந்த மடிப்பே. ஒரு மாதிரிக் கண்ணியை நீளவாக்கில் அறுத்து, தேய்த்து, சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்தால் இழைகளும் மடிப்பும் வெறுங்கண்ணுக்கே தெரியும். புதிய டையை ஏற்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.