1777இல் இறந்தது எது? கார்னிஷ் மொழியின் கடைசித் தலைமுறை

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில், பால் என்னும் ஊரின் தேவாலய மதிலில் 1860இல் நாட்டிய கல் ஒன்று இருக்கிறது. கார்னிஷ் மொழியில் உரையாடிய கடைசி ஆள் என்று சொல்லப்படுபவர் 1777இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்கிறது அது. அந்தக் கல்லுக்கு ஆதாரமானவர், டாலியை நேரில் சந்தித்து அறிக்கை எழுதிய டெய்ன்ஸ் பாரிங்டன். மொழியிறப்பைப் பேசும் பல நூல்கள், கடைசிப் பேச்சாளர் டாலிதான் என்ற அவர் முடிவையே இன்றும் திருப்பிச் சொல்கின்றன. பாரிங்டன் தந்த செய்திகள் நம்பத்தக்கவை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு என்பது என் வாதம்.

1768இல் பாரிங்டன், டாலி வாழ்ந்த மௌஸல் என்ற மீனவக் குடியிருப்புக்குப் போனார். கார்னிஷ் பேசுவார் எவருமில்லை என்று பந்தயம் கட்டியிருப்பதாக டாலியிடம் சொன்னார். கிழவி கோபத்தில் இரண்டு மூன்று நிமிடம் பொரிந்து தள்ளினார். அந்த ஒலி வெல்ஷ் மொழிபோல இருந்ததால் பாரிங்டனுக்குத் திருப்தி. சந்தின் எதிர்ப்புற வாசல்களில் நின்ற இரண்டு முதிய பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் திட்டினாளா என்று அவர்களைக் கேட்டார். நன்றாகவே திட்டினாள் என்றார்கள். அப்படியானால் உங்களுக்கும் இந்த மொழி தெரியுமே என்றார். சரளமாகப் பேச வராது, ஆனால் புரியும். டாலியைவிட எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் குறைவு என்றார்கள்.

பாரிங்டன் இதை டாலியின் வசவுக்குச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கோ அவர் அறிக்கையிலேயே மிக அரிய வரி இதுதான். ஸ்காட்லாந்தின் கிழக்கு சதர்லாந்து மீனவர்களிடையே கேலிக் மொழி தேய்ந்ததை 1960கள் தொட்டு ஆராய்ந்த நான்சி டோரியன், தட்டுத்தடுமாறிப் பேசுவோரை 'அரைப்பேச்சாளர்' என்று பிரித்துக் காட்டினார். அவர்களுக்கும் ஒரு படி கீழே, பேசுவது சொற்பமானாலும் எல்லாம் புரிந்தவர்கள் உண்டு. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தவறாது. மௌஸல் பெண்கள் சிரித்தது அந்தத் திறனால்தான். அவர்கள் அரைப்பேச்சாளரா, கேட்டறிபவர் மட்டுமா என்று ஒரு பதிலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்நியக் கனவானிடம் தம் திறனைக் குறைத்துச் சொல்லியிருக்கவும் கூடும். எப்படியிருந்தாலும் டாலி இறந்தபோது மொழியைப் புரிந்துகொள்ளும் காதுகள் அந்தச் சந்தில் வாழ்ந்த தலைமுறையில் இருந்தன.

அடுத்த சான்று, 1776 ஜூலை 3 தேதியிட்டு வில்லியம் பொடினார் என்ற மீனவர் பாரிங்டனுக்கு எழுதிய கடிதம். கார்னிஷிலும் ஆங்கிலத்திலும் உள்ள சில வரிகளே அது. தன் வயது 65 என்கிறார். சிறுவனாக அப்பாவோடும் வேறு ஐந்து பேரோடும் கடலுக்குப் போய்ப் படகிலேயே கற்றதாகவும், ஒரு வாரம்வரை அங்கே ஆங்கிலச் சொல் காதில் விழுவது அரிது என்றும் சொல்கிறார். இப்போது ஊரில் பேசத் தெரிந்தவர் நாலைந்து பேர்தான், எல்லாரும் 80 வயதுக் கிழவர்கள் என்றும் சேர்க்கிறார். இந்தக் கணக்கில் 65 வயதுக்காரரான அவர் எங்கே? தன்னை அந்த நாலைந்து பேரில் அவர் சேர்க்கவில்லை என்றே படுகிறது. தயங்கித்தான் சொல்கிறேன் என்றாலும், இது அரைப்பேச்சாளர் தன்னை எடைபோடும் விதத்தோடு பொருந்துகிறது.

கடிதத்தின் மொழியையும் பார்க்க வேண்டும். 65 என்பதை 'மூன்று இருபதும் ஐந்தும்' என்று பழைய இருபதடிக் கணக்கில் எழுதுகிறார். எண்ணுக்குப் பின் ஒருமைப் பெயர் வரும் மரபும் குலையவில்லை. வினைகள் 'ரிக்' என்ற துணைவினையோடு வருகின்றன. இதைச் சிதைவென்று கொள்ளலாகாது. முந்தைய தலைமுறைக் கார்னிஷ் எழுத்துகளிலும் இது பரவலாக உண்டு. ஆனால் 'கற்றேன்' என்பதை முதலில் 'மீ ரிக் டெஸ்கி' என்று எழுதியவர், சில வரிகள் கழித்து 'மீ டெஸ்கி' என்று துணைவினையை விட்டுவிடுகிறார். கை தவறியதா, நாக்கு தேய்ந்ததா? ஒரே ஒரு இடம் என்பதால் உறுதியாகச் சொல்ல வழியில்லை. எனினும் எண்ணும் பெயரும் நிலைத்து வினை ஆட்டம் காண்பது தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

பால் ஊர்ப் பதிவேட்டில் 1692இல் உள்ள ஞானஸ்நானம் டாலியுடையதுதான் என்றால், எதிர்வீட்டுப் பெண்கள் ஏறத்தாழ 1703இல் பிறந்தவர்கள். பொடினார் 1711. இளையவரான அவருக்கு எழுதுமளவு மொழி இருந்தது. மூத்த பெண்களுக்குச் சரளமாகப் பேச வரவில்லை. ஆகவே தேய்வைப் பிறந்த ஆண்டு மட்டும் தீர்மானிக்கவில்லை. படகில் முதியவர்களோடு பேசியாக வேண்டிய கட்டாயம் பொடினாருக்கு இருந்தது. அந்தப் பெண்களுக்கு அப்படியொரு இடம் அமைந்ததாக அறிக்கையில் குறிப்பில்லை.

பொடினார் 1789இல் இறந்தார். அவர் மகன்களுக்கு உரையாடுமளவு மொழி தெரியாது. 1891இல் இறந்த கார்ன்வால்காரர் ஜான் டேவி ஒரு பழம்பாட்டையும் சில சொற்களையும் நினைவில் வைத்திருந்தார். இது நினைவுகூரும் படி, பேச்சு அல்ல. எனவே 1777ஐ ஒரு பெண்ணின் இறப்பாண்டாக மட்டும் நூல்கள் குறிக்கட்டும். மொழியின் இறப்பாண்டாக அதை எழுதுவதற்குப் பாரிங்டனின் அறிக்கையே இடம் தரவில்லை.