நான்கு வருஷம் கல்யாணம் கூடாது

சட்டத் தத்துவ வகுப்புக்காக 1981-இன் நர்கேஷ் மீர்சா தீர்ப்பைப் படித்தேன். ஏர் இந்தியா பணிப்பெண் சேர்ந்த 4 வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போச்சு. முதல் கர்ப்பத்திலும் போச்சு. உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று கடிந்து ரத்து செய்தது. கல்யாண விதியை மட்டும் விட்டுவைத்தது. 20-23 வயது வாக்கில் கட்டிக்கொண்டால் பெண்ணுக்கு முழுப் பக்குவம் வந்திருக்குமாம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லதாம்!

அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண் பர்சருக்கு இந்தத் தடை இல்லை. கேட்டால், அவர்கள் வேறு வகுப்பு; ஆளெடுப்பு, சம்பளம், பதவி உயர்வு எல்லாமே வேறு என்றது தீர்ப்பு. அந்த வேறுபாடுகளை உண்டாக்கியதே நிர்வாகம்தானே? பெண் என்பதால் தனி வரிசையில் நிறுத்திவிட்டு, வரிசை வேறு, அதனால் பாகுபாடில்லை என்கிறார்கள். பாலினத்தை 'மட்டும்' காரணமாக்கக் கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவில், அந்த 'மட்டும்'தான் இதற்கு வழிவிட்டது.