நாற்பது சப்ளையர்கள், ஒரே பக்கம்: தரவரிசைப் படத்தில் பட்டையும் புள்ளியும்

ஸ்ரீபெரும்புதூர் – ஓரகடம் தொழில்தடத்தில் உள்ள வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் தருபவர்களை அவர்களது தரத்தை வைத்து வரிசைப்படுத்துவது வாடிக்கையான வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஓரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. அவற்றை ஒட்டி, சிப்காட் பூங்காக்களிலும் வெளியிலும் சப்ளையர்கள் பெருகினார்கள். அவர்களை ஒப்பிடும் பொது அளவு பி.பி.எம்.; அதாவது, பத்து லட்சம் பாகங்களுக்கு எத்தனை ரிஜெக்ட் ஆனது என்ற கணக்கு. நாற்பது சப்ளையர்களின் பி.பி.எம்.மை ஒரே தாளில் எப்படிக் காட்டுவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

பெரும்பாலும் தாளில் வருவது நிமிர்ந்த பட்டைகள் கொண்ட படம். ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து ஓரங்களைக் கழித்தால் சுமார் 240 மி.மீ. மிஞ்சும், நாற்பது பெயருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 6 மி.மீ. அந்த இடத்தில் பெயரைக் கிடையாக எழுத முடியாது என்பதால் மென்பொருள் அதைச் செங்குத்தாகத் திருப்பிவிடும். நாற்பது எழுத்துள்ள பெயர் திரும்பி நின்றால் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். இடம் போதாதபோது மென்பொருள் பெயரின் வாலை வெட்டி மூன்று புள்ளி வைக்கும். இங்கேதான் உண்மையான சேதம். ஒரே குழுமத்துக்கு ஓரகடத்தில் ஒரு ஆலையும் பிள்ளைப்பாக்கத்தில் இன்னொன்றும் இருந்தால், இரண்டையும் பிரித்துக் காட்டும் ஊர்ப்பெயர் கடைசியில்தான் இருக்கும், வெட்டுப்படுவதும் அதுதான். ஆகவே ஊர்ப்பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து, எல்லாருக்கும் பொதுவான ‘பிரைவேட் லிமிடெட்’டை நீக்கிவிடுவது எந்தப் படத்துக்கும் முதல் வேலை.

பெயர் நீளம்தான் சிக்கல் என்றால், பட்டைகளைப் படுக்கவைத்தாலே அது தீர்ந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளை நெடுக்காக வைத்தால் அதே 6 மி.மீ. ஒரு வரிக்குத் தாராளம். 9 புள்ளி எழுத்து நிம்மதியாக அமரும். புள்ளிப் படத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். என் வாதம் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது: பட்டையை விட்டுப் புள்ளிக்குப் போக வேண்டிய காரணம் பெயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில்லுடன் சேர்ந்து 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலின் மீதுள்ள இடத்தை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் குறைவாகத் தவறுகிறது என்று காட்டினார். வெறும் நீளத்தையோ கோணத்தையோ பரப்பையோ மதிப்பிடும்போது பிழை கூடுகிறது. புள்ளிப் படத்தைப் பரிந்துரைத்தவரும் அவரே. ஒவ்வொரு வரியிலும் மெல்லிய வழிகாட்டிக் கோடு, அதன் மேல் ஒரு புள்ளி, வேறொன்றும் இல்லை. பட்டையும் பொது அளவுகோலில்தானே நிற்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பட்டை தன் நீளத்தையும் சேர்த்தே சொல்கிறது. நீளம் பொய் சொல்லாமலிருக்க வேண்டுமானால் பட்டை பூச்சியத்திலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். புள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பி.பி.எம். தரவுக்கு இந்தச் சுதந்திரம் அவசியம். ஒரே பட்டியலில் 3 பி.பி.எம். உள்ளவரும் 3,000 உள்ளவரும் இருப்பார்கள். சாதாரண அளவுகோலில் முதல் இரண்டு மூன்று பட்டைகள் தாள் முழுக்க ஓடும். மீதி முப்பத்தேழும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, 10க்கும் 40க்கும் வேறுபாடு தெரியாமல் போகும். இதற்கு மருந்து மடக்கை அளவுகோல்: 1, 10, 100, 1,000 ஆகியவை சம இடைவெளியில் அமைவது. ஆனால் அந்த அளவுகோலில் பூச்சியம் என்ற இடமே கிடையாது. அச்சை 1இல் தொடங்கினால், 1,000க்கான பட்டை 10க்கான பட்டையைப் போல மூன்று மடங்கு நீளும். 0.1இல் தொடங்கினால் இரண்டு மடங்குதான். எண்கள் மாறவில்லை, அச்சின் தொடக்கம் மட்டும் மாறியது. படம் சொல்லும் செய்தி மாறிவிட்டது. புள்ளியின் இடத்துக்கு இந்தக் கோளாறு வராது.

அதனால்தான் லாலிபாப் படத்தைப் புள்ளிப் படத்தின் அழகான வடிவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். லாலிபாப் என்பது மெலிந்த பட்டை. தலையில் ஒரு வட்டம் வைத்திருக்கிறது, அவ்வளவே. குச்சிக்கு நீளம் உண்டு. ஆகவே பட்டைக்குள்ள கடமை அதற்கும் உண்டு. பூச்சியத்திலிருந்து தொடங்கும் சாதாரண அளவுகோலில் அது நெரிசலைக் குறைக்கும்; அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். மடக்கை அளவுகோலில் குச்சியை எடுத்துவிட வேண்டும். சரக்கு வந்து சேரும் நேர ஒழுங்கை 90 முதல் 100 விழுக்காடு வரை மட்டும் காட்டும் படத்திலும் அப்படியே: 99க்கான குச்சி 93க்கான குச்சியைப் போல மூன்று மடங்கு நீண்டு நிற்கும்.

இனி வரிசை என்பதையே கேள்விக்குட்படுத்தும் இடத்துக்கு வருவோம். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை. போல்ட் தருபவர் 20 லட்சம் பாகம் அனுப்பினார், 200 ரிஜெக்ட்: 100 பி.பி.எம். சிறப்புப் பிராக்கெட் தருபவர் 2,000 பாகம் அனுப்பினார், ஒன்றே ஒன்று ரிஜெக்ட்: 500 பி.பி.எம். வரிசையில் பிராக்கெட்காரர் ஐந்து மடங்கு மோசம். ரிஜெக்ட் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்று கொண்டு, 95 விழுக்காட்டு நம்பக எல்லைகளை எக்செலிலேயே கணக்கிடலாம். `B2`இல் ரிஜெக்ட் எண்ணிக்கை, `C2`இல் அனுப்பிய பாகங்கள்:

```
=CHISQ.INV(0.025,2*B2)/2/C2*1000000
=CHISQ.INV.RT(0.025,2*(B2+1))/2/C2*1000000
```

போல்ட்காரருக்கு 87 முதல் 115 வரை வருகிறது. பிராக்கெட்காரருக்கோ ஏறத்தாழ 13 முதல் 2,786 வரை. அவரது உண்மையான தரம் போல்ட்காரரைவிட மேலானதாகவும் இருக்கலாம். இந்தத் தரவால் முடிவு சொல்ல இயலாது. பட்டைப் படத்தில் இதைக் காட்டப் போனால் எல்லைக் கோட்டின் பாதி பட்டையின் நிறத்துக்குள் புதைந்துவிடும். புள்ளிப் படத்தில் புள்ளியின் இருபுறமும் ஒரு கோடு இழுத்தால் போதும். ஒருவருக்குக் குட்டைக் கோடு, மற்றவருக்குத் தாளின் பாதியைக் கடக்கும் கோடு: வரிசையில் அடுத்தடுத்து இருந்தாலும் இருவரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பது பார்த்தவுடன் தெரியும்.

புள்ளிப் படத்துக்கும் ஒரு தடை உண்டு. ரிஜெக்ட் ஒன்றும் இல்லாத சப்ளையருக்கு மடக்கை அளவுகோலில் இடமில்லை. மேலே சொன்ன முதல் சூத்திரமும் `#NUM!` என்றே காட்டும். பலர் அந்த வரியையே நீக்கிவிடுகிறார்கள், அல்லது 1 என்று போட்டு நிரப்புகிறார்கள். முன்னது நல்ல சப்ளையரைப் பட்டியலிலிருந்து மறைக்கிறது. பின்னது இல்லாத ரிஜெக்டை உண்டாக்குகிறது. அவர்களைப் படத்தின் அடியில் தனிப் பகுதியாக வைத்து, புள்ளி இல்லாமல் மேல் எல்லையை மட்டும் குறிப்பதே சரி. ஒருபக்க 95 விழுக்காட்டு மேல் எல்லைக்கு எளிய விதி ஒன்று இருக்கிறது: 3ஐ அனுப்பிய பாகங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2,000 பாகத்தில் ரிஜெக்ட் இல்லாதவருக்கு அது 1,500 பி.பி.எம். ‘பூச்சியம்’ என்ற பெருமை எவ்வளவு மெல்லிய ஆதாரத்தில் நிற்கலாம் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

இந்த வரிசையைக் காரணம் காட்டித்தான் சப்ளையரை மறுஆய்வுக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், அடுத்த ஆர்டரையும் குறைக்கிறார்கள். இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைக்கு அது பெரிய அடி. எனவே தர அறிக்கை தயாரிப்பவர்கள் எல்லைக் கோடு இல்லாத தரவரிசைப் படத்தைக் கூட்டத்தில் வைக்கக் கூடாது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இருவருக்கு முன்பின் என்று இடம் எண் கொடுக்கவும் கூடாது.